காலை ஆறு மணித் திரைக்கு முன்னால் ஒரு கடிதம்

மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து துறைத் தலைவர்களுக்கு வழக்கமாகப் போகும் சுற்றறிக்கை இப்படித்தான் இருக்கும்: "வரும் ஒன்றாம் தேதி முதல் டேஷ்போர்டு தினமும் காலையில் புதுப்பிக்கப்படும். அனைவரும் ஒத்துழைக்கவும்." இரண்டே வரி. எழுதியவருக்கு வேலை முடிந்துவிட்டது. கடிதத்தில் என்ன விட்டுப்போயிற்று என்பது ஒன்றாம் தேதி காலை ஏழேகாலுக்கு, "உங்க வார்டு ஏன் டாக்டர் சிவப்பா இருக்கு?" என்று எம்.டி.யின் போன் வரும்போதுதான் தெரியும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 200 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எத்தனை படுக்கை நிரம்பியிருக்கிறது, எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை ரத்தப் பரிசோதனை முடிவு நிலுவையில் இருக்கிறது, எந்த மருந்து தீரப்போகிறது என்பதையெல்லாம் ஒரே திரையில் கட்டங்களாகக் காட்டுவதுதான் டேஷ்போர்டு. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஏதோ சரியில்லை. இதுவரை இந்தத் திரை வாரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருந்தது. இனி தினமும் காலை 6 மணிக்கு மாறும். வெளியிலிருந்து பார்த்தால் வேகம் மட்டும்தான் கூடியிருக்கிறது. உள்ளே மாறியிருப்பது வேறு.

வாரக் கணக்கு எப்படித் தயாரானது என்று பாருங்கள். திங்கட்கிழமை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து ஏழு நாள் பதிவுகளையும் எடுப்பார். எங்கே கணக்கு இடிக்கிறதோ அந்த வார்டுக்குப் போன் போடுவார். "சிஸ்டர், வியாழக்கிழமை மூணு பேர் கூடுதலா காட்டுதே, டிஸ்சார்ஜ் போட்டாச்சா?" "ஐயோ, அவங்க அன்னைக்கு சாயங்காலமே போயிட்டாங்க சார், இருங்க இப்பவே போட்டுடறேன்." செவ்வாய்க்கிழமை துறைத் தலைவரின் மேஜைக்குப் போகும் எண், இப்படிப் பத்துப் பன்னிரண்டு போன் பேசிச் சுத்தம் செய்யப்பட்ட எண். அந்த வேலையை அவர் செய்கிறார் என்பது பல துறைத் தலைவர்களுக்குத் தெரியவே தெரியாது. தினசரித் திரையில் அவருக்கு இடமில்லை. அதிகாலையில் மென்பொருள் தானாகவே கணக்கை எடுத்துத் திரையில் போட்டுவிடுகிறது. வார்டில் எப்படிப் பதிவானதோ அப்படியே வந்து நிற்கிறது. துறைத் தலைவர்களுக்கு எழுதும் கடிதம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். அநேகமாக எந்தக் கடிதமும் சொல்லாத செய்தியும் இதுதான்.

இதனால் என்ன ஆகும் என்பதை ஒரு வார்டை வைத்தே பார்த்துவிடலாம். பொது மருத்துவ வார்டு, 40 படுக்கை. மருத்துவமனைகளில் படுக்கைக் கணக்கை இரவு 12 மணிக்கு எடுப்பது பழைய வழக்கம். அந்த நேரத்தில் படுக்கையில் இருப்பவர் கணக்கில் உண்டு, இல்லாதவர் இல்லை. திங்கள் நள்ளிரவில் 36 பேர் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை புதிதாக 9 பேர் அட்மிட் ஆனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து 2 பேர் வார்டுக்கு மாறி வந்தார்கள். 7 பேர் வீட்டுக்குப் போனார்கள், ஒருவர் அறுவை சிகிச்சை வார்டுக்கு மாறினார். 36-உடன் 9-ம் 2-ம் சேர்த்து, 7-ம் 1-ம் கழித்தால் 39. நாற்பதுக்கு 39 என்றால் 97.5 சதவீதம். நெரிசல்தான், ஆனால் சமாளிக்கலாம்.

புதன்கிழமை காலை திரையில் வந்த எண் 42. நாற்பது படுக்கை வார்டில் 42 பேர், 105 சதவீதம், அடர் சிவப்பு.

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்குப் போன ஏழு பேரில் மூன்று பேர் மாலை ஏழு மணிக்கு மேல் கிளம்பியவர்கள். காலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, காப்பீட்டு ஒப்புதல் வந்து, பில் கட்டி முடிக்க அவ்வளவு நேரமாகிவிட்டது. ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள். ஆனால் கணினியில் "படுக்கை காலி" என்று ஒருவர் பதிவு செய்தால்தான் அவர்கள் போனதாகக் கணக்கு. மாலை ஷிப்ட் முடிந்து, இரவுப் பணிக்கு வந்த நர்ஸ் நாற்பது பேருக்கு மருந்து கொடுத்து, டிரிப் மாற்றி, நடுவில் ஒரு நெஞ்சுவலியையும் பார்த்துவிட்டு, காலை ஆறரைக்கு டியூட்டி மாற்றும் முன்னால்தான் கணினிப் பக்கம் வந்தார். மென்பொருள் கணக்கு எடுத்தது அதிகாலை 4:30-க்கு. மூன்று பேரும் திரையில் இன்னும் படுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே தவறு வாரக் கணக்கில் என்ன ஆகியிருக்கும்? 40 படுக்கை, ஏழு நாள் என்றால் 280 படுக்கை-நாட்கள். அதில் மூன்று என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். போன் பேசிச் சரிசெய்யாமல் விட்டிருந்தாலும் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஒரு நாள் கணக்கில் அதே மூன்று ஏழரை சதவீதம், பச்சையைச் சிவப்பாக்கப் போதுமான அளவு. வார்டில் யாரும் புதிதாக ஒரு தவறும் செய்யவில்லை. பார்க்கும் கண்ணாடி பெரிதானதால் பழைய தவறு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வார்டில் அன்று உண்மையில் 30 பேர்தான் இருந்திருந்தால், திரை 33 என்று காட்டியிருக்கும். 33 சந்தேகத்துக்கு இடம் தராத எண். தவறு பச்சை நிறத்துக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டிருக்கும்.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தியில் மணி இருக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நீங்கள் காலை 6 மணிக்குத் திரையில் பார்ப்பது முந்தைய நள்ளிரவு 12 மணி நிலவரம். அந்தக் கணக்கை அதிகாலை 4:30-க்கு எடுக்கிறோம். அதற்குள் பதிவாகாத எதுவும் அன்றைய திரையில் வராது. காலை 11 மணிக்கு ஒரு நோயாளிக்குப் படுக்கை வேண்டுமென்றால் இந்தத் திரையைப் பார்க்க வேண்டாம். எப்போதும் போல அட்மிஷன் கவுண்டரைக் கூப்பிடுங்கள்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் அதிகப்படியாகத் தோன்றலாம். தினமும் மாறும் திரையை "இப்போதைய நிலவரம்" என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பாக வரும் தவறு. பதினோரு மணிக்கு ஐந்து படுக்கை காலி என்று திரை சொல்லும். உண்மையில் அந்த ஐந்தும் காலை எட்டு மணிக்கே நிரம்பியிருக்கும். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்.

அடுத்தது பதிவை யார், எப்போது செய்வது என்பது. "அனைத்துப் பதிவுகளும் நள்ளிரவுக்குள் முடிக்கப்பட வேண்டும்" என்று எழுதிவிட்டால் அந்த வேலை தானாக இரவு நர்ஸின் தலையில் போய் விழும். வார்டிலேயே ஆள் குறைவாக இருக்கும் நேரம் அது. மாலை ஷிப்ட் நர்ஸ் டியூட்டியை ஒப்படைக்கும்போது, அன்று கிளம்பியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் படுக்கைகளைக் கணினியில் விடுவித்துவிட்டுப் போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதற்குப் பிறகு கிளம்புகிறவர்கள் ஓரிருவர்தான் இருப்பார்கள். இந்த ஏற்பாட்டை நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டு, முடிவை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டும். துறைத் தலைவருக்குக் கடிதம் போய், அவர் வார்டுக்கு வந்து சத்தம் போட்டு, அதன் பிறகு நர்ஸ்களுக்குத் தெரிய வருவதெல்லாம் தலைகீழ் வரிசை.

கண் மருத்துவத் துறைத் தலைவர் இந்த இடத்தில் கையைத் தூக்குவார். அவர் தூக்குவது நியாயமும்கூட. கண்புரை அறுவைக்கு வருகிறவர் காலை ஏழு மணிக்கு வந்து, மாலை நான்குக்குக் கண்ணில் கட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார். நள்ளிரவில் எண்ணினால் அவர் துறையில் ஒருவரும் இருக்க மாட்டார். நாள் முழுக்க இருபது அறுவை செய்த துறை, திரையில் பூஜ்யம் சதவீதம் என்று நிற்கும். டயாலிசிஸ் பிரிவுக்கும் இதே கதிதான். வாராந்திர அறிக்கையில் இவர்கள் கணக்கை ரெக்கார்ட்ஸ் ஆள் தனியாக ஒரு வரியில் சேர்த்துவிடுவார். அவர் கையை எடுத்த பிறகு அந்த வரி என்ன ஆனது என்பதைக் கடிதம் சொல்லியாக வேண்டும்: "ஒரே நாளில் வந்து போகும் நோயாளிகள் படுக்கைக் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. கண், டயாலிசிஸ் பிரிவுகள் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தால் போதும்." எல்லோருக்கும் ஒரே கடிதம் போனாலும், இப்படி இரண்டு மூன்று துறைகளைப் பெயர் சொல்லி அழைத்துவிட வேண்டும்.

இனி கொஞ்சம் நாசூக்கான விஷயம். நேற்றைய எண் நாளை மாறும். புதன்கிழமைத் திரையில் 42 என்று இருந்த செவ்வாய்க் கணக்கு, வியாழக்கிழமைத் திரையில் 39 ஆகிவிடும், மென்பொருள் நோயாளி உண்மையில் கிளம்பிய நேரத்தை வைத்துக் கணக்கிட்டால். பதிவு செய்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் செவ்வாய் 42 ஆகவே நின்றுவிடும், மூன்று டிஸ்சார்ஜும் புதன்கிழமை கணக்கில் ஏறும். அப்போது ஒரு தவறு இரண்டு நாளைக் கெடுக்கும். கோவிட் காலத்தில் பிரிட்டன் அரசின் டேஷ்போர்டு இந்தச் சிக்கலுக்காகவே பாதிப்பு எண்ணிக்கையை இரண்டு விதமாக வெளியிட்டது. மாதிரி எடுத்த தேதிப்படி ஒரு வரைபடம், முடிவு அறிவிக்கப்பட்ட தேதிப்படி இன்னொன்று. முதலாவதில் கடைசிச் சில நாட்கள் முழுமையடையாதவை என்று தனியாகக் குறித்தும் காட்டினார்கள்.

மருத்துவமனைக்கும் அதே வழிதான். கிளம்பிய நேரப்படி கணக்கு வைப்பது நல்லது. ஆனால் எண் பின்னோக்கி மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம். புதன்கிழமை 42-ஐப் படம் பிடித்து ஒரு துறைத் தலைவர் வாட்ஸாப்பில் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் திரை 39 என்று காட்டும். "எண்ணை யார் மாத்துனது?" என்று யாராவது ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு அந்தத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள். கடிதத்தில் மூன்று வாக்கியம் போதும்: "கடைசி மூன்று நாள் எண்கள் வெளிர் நிறத்தில் இருக்கும், அவை மாறக்கூடும். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி மாலை முந்தைய மாதக் கணக்கு மூடப்படும், அதன் பிறகு மாறாது. கூட்டத்துக்கோ அறிக்கைக்கோ எண் வேண்டுமென்றால் மூடிய மாதத்திலிருந்து எடுங்கள்."

சிவப்பு நிறத்துக்கு வருவோம். தினசரி எண் துள்ளும். ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் குறையும், திங்கள் கூடும். இதில் செய்தி ஒன்றுமில்லை, ஞாயிறு ஞாயிறாக இருக்கிறது. திங்கட்கிழமையை முந்தைய திங்களோடு ஒப்பிட வேண்டும், ஞாயிறோடு ஒப்பிடக் கூடாது. அறுவை சிகிச்சை ரத்தானதைச் சதவீதத்தில் காட்டுவது இன்னும் மோசம். வார நாளில் 12 அறுவையில் ஒன்று ரத்தானால் 8 சதவீதம். ஞாயிறன்று இரண்டில் ஒன்று ரத்தானால் 50 சதவீதம். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: ஒரு நோயாளிக்குச் சர்க்கரை ஏறியிருந்தது, மயக்க மருந்து டாக்டர் வேண்டாம் என்றார். சிறிய எண்களைச் சதவீதமாக்காமல் "2-ல் 1" என்றே காட்டிவிடலாம்.

எந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற கேள்வி நூறு வருஷத்துக்கும் பழையது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவர்ட் 1924 மே 16-ம் தேதி தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஏறக்குறைய ஒரு பக்கமே இருந்த அந்தக் குறிப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஒரு வரைபடம் எடுத்துக்கொண்டது. எண்கள் வழக்கமாக எந்த எல்லைக்குள் ஏறி இறங்குகின்றன என்று மேலும் கீழும் கோடு போட்டுக் காட்டியிருந்தார். கோட்டுக்குள் நடக்கும் ஆட்டத்துக்குத் தனிக் காரணம் தேடாதே, கோட்டைத் தாண்டினால் தேடு என்பது அதன் சாரம். தரக் கட்டுப்பாடு என்ற துறையே அந்த வரைபடத்திலிருந்து வளர்ந்தது. மேலதிகாரிக்கு எழுதும் அலுவலகக் கடிதங்களில் இவ்வளவு பயன்பட்டது வேறு ஏதாவது உண்டா என்று தெரியவில்லை.

எனவே நம் கடிதத்தில் ஓர் உறுதிமொழி வேண்டும்: "ஒரு நாள் சிவப்புக்காக யாரும் உங்களிடம் விளக்கம் கேட்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்று நாள் சிவப்பாக இருந்தாலோ, ஏழு நாள் சராசரி உங்கள் துறையின் வழக்கமான எல்லையைத் தாண்டினாலோ மட்டும் பேசுவோம்." இதை ஐ.டி. பிரிவுத் தலைவர் எழுதிப் பயனில்லை. காலையில் போன் போடக்கூடியவர் யாரோ அவரே கையெழுத்திட வேண்டும். எம்.டி. கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் சிவப்புக்கே போனைத் தூக்கினால் கடிதம் அன்றோடு செத்தது.

அப்படிப் போன் வர ஆரம்பித்தால் வார்டுகள் திரைக்காக வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில், அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் அட்மிட் செய்ய வேண்டும் அல்லது அனுப்பிவிட வேண்டும் என்று 2000-க்குப் பிறகு இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு குறைந்தது உண்மை. ஆனால் நோயாளிகள் கிளம்பிய நேரத்தை வரைந்து பார்த்தபோது, நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு கூர்மையான சிகரம் தெரிந்தது. அந்தக் கடைசி நிமிடங்களில் திடீரென்று அத்தனை பேருக்கும் உடம்பு தேறிவிடவில்லை, கடிகாரம்தான் விரட்டியது. நம் வார்டில் இது எப்படி வரும்? நோயாளி இன்னும் படுக்கையில் இருக்கும்போதே "காலி" என்று பதிவாகும். பதினொன்றரைக்கு வந்தவரின் அட்மிஷன் பன்னிரண்டேகாலுக்குப் போடப்படும். அட்மிஷன் நேரங்களை மணிவாரியாக அடுக்கிப் பார்த்து, நள்ளிரவுக்குப் பிந்தைய அரை மணி மட்டும் வீங்கியிருந்தால் இந்த விளையாட்டு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்த துறைத் தலைவரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியுமா என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். வெளியே யாரும் கேட்க மாட்டார்கள், மனசுக்குள் எல்லோரும் கேட்பார்கள்.

திரை பழுதாகும் நாளும் வரும். மென்பொருள் அதிகாலையில் நின்றுவிட்டால் நேற்றைய எண்களே இன்றும் தெரியும், பச்சையாக, தெளிவாக, தவறாக. அதனால்தான் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் "எந்த நள்ளிரவு நிலவரம்" என்று தேதி இருக்க வேண்டும். தேதி பழையது என்றால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வர வேண்டும்.

தேதி சரியாக இருந்தும் எண் தவறாக இருப்பது இதைவிட ஆபத்து. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளை பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகள்தான் அடங்கும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. தினசரிக் கணக்கு தவறாமல் வெளிவந்துகொண்டேயிருந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாதிப்புகள் அதில் சேரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தாமதமானது.

வார்டில் இதைக் கண்டுபிடிக்கும் வழி மேலே போட்ட கூட்டல் கழித்தல்தான். நேற்றைய எண், வந்தவர், போனவர், மாறியவர், இறந்தவர் எல்லாம் சேர்த்து இன்றைய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மென்பொருளே தினமும் சரிபார்த்து, ஒத்துப்போகாத வார்டின் கட்டத்தை எண் போடாமல் வெறுமையாக விட வேண்டும். பதிவு உதிர்ந்துபோனால் இது காட்டிக்கொடுத்துவிடும். பதிவே செய்யாமல் விட்டதைக் காட்டாது. நம் 42 பேர் வார்டில் நான்கு டிஸ்சார்ஜ்தான் பதிவாகியிருந்தது, எனவே கணக்கு அழகாகவே ஒத்துப்போயிருக்கும். அதற்கு ஒரே மருந்து, வாரத்தில் ஒருநாள் இரவு யாராவது வார்டில் நடந்து தலைகளை எண்ணுவது. ரெக்கார்ட்ஸ் பிரிவு ஆளுக்கு இனி அந்த வேலையைக் கொடுக்கலாம். வார்டுகளின் பழக்கம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். தொடங்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் போக வேண்டும். மாதக் கடைசியில் போகக் கூடாது, அப்போது யாரும் எதையும் படிப்பதில்லை. முதல் நான்கு வாரம் பழைய வாராந்திர அறிக்கையும் கூடவே வரட்டும். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால், எந்த வார்டில் பதிவு பின்தங்குகிறது என்பது தெரிந்துவிடும். கடைசி வரியில் ஒரு மனிதரின் பெயரும் இன்டர்காம் எண்ணும் இருக்கட்டும். "ஐ.டி. பிரிவைத் தொடர்புகொள்ளவும்" என்று எழுதினால் யாரும் தொடர்புகொள்ள மாட்டார்கள்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கடிதம் உங்களுக்கே வந்து, அதில் "தினமும் காலை" என்று மட்டும் இருந்தால், ஒத்துழைப்பதாகப் பதில் எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை மணி நிலவரம், பிறகு மாறுமா?